அம்மா எங்கே என்று யாராவது கேட்டால் தயங்காமல் சொல்ல ஒரு பெயர்: முதியோர் இல்லம், பகல் மையம் தொடங்குகிறவர்களுக்கு

முதியோருக்கான இடம் ஒன்றைத் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் பெயர்ப்பலகையை மனத்தில் வைத்துக்கொண்டுதான் பெயர் தேடுகிறார்கள். பலகையில் அழகாக இருக்கிறதா, அன்பு தெரிகிறதா, நன்கொடை தருபவருக்குப் பிடிக்குமா என்று பார்க்கிறார்கள். ஆனால் பலகையை விட அதிகமாக அந்தப் பெயர் வாயில்தான் புழங்கப்போகிறது. கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரர், “அம்மாவைக் காணோமே, எங்கே?” என்று கேட்பார். மகன் பதில் சொல்லியாக வேண்டும். உங்கள் பெயர் அந்த மகனுக்கு உதவுகிறதா, இல்லை அவரைத் தலைகுனிய வைக்கிறதா என்பது அந்த ஒரு நொடியில் தெரிந்துவிடும். இந்தக் கட்டுரை அந்த நொடிக்கான பெயரை எப்படிக் கண்டுபிடிப்பது என்பதைப் பற்றியது.

குற்ற உணர்வு வினைச்சொல்லில் இருக்கிறது

நம் ஊரில் முதியோர் இல்லத்தைப் பற்றிப் பேசும்போது வரும் வாக்கியங்களைக் கவனித்துப் பாருங்கள். “முதியோர் இல்லத்துல சேர்த்துட்டாங்க.” “ஹோம்ல கொண்டுபோய் விட்டுட்டாங்க.” இரண்டிலும் செய்பவர் பிள்ளை. பெரியவர் வெறுமனே சேர்க்கப்படுகிறார், விடப்படுகிறார். மாட்டைச் சந்தையில் விட்டதுபோல ஒரு தொனி அதில் ஒட்டியிருக்கிறது. “ஹோம்” என்ற ஆங்கிலச் சொல்லும் இங்கே தப்பிக்கவில்லை. தமிழ்ப் பேச்சில் தனியாக “ஹோம்” என்றால் வீடு என்று யாரும் புரிந்துகொள்வதில்லை, யாரும் இல்லாதவர்களை வைத்திருக்கும் நிறுவனம் என்றுதான் புரிந்துகொள்கிறார்கள்.

இப்போது வேறு வகைப் பெயர் ஒன்றை வைத்துப் பாருங்கள். கேரளத்தில் உள்ளாட்சி அமைப்புகள் நடத்தும் முதியோர் பகல் மையங்களுக்குப் ‘பகல்வீடு’ என்று பெயர். நமக்கும் அப்படியே புரிகிற சொல். “அப்பா பகல்வீட்டுக்குப் போயிருக்காங்க” என்று இயல்பாக வருகிறது. “பகல்வீட்டுல விட்டுட்டோம்” என்றும் சொல்ல முடியும்தான், ஆனால் வாய் முதலில் தேடிப்போவது “போயிருக்காங்க” என்பதைத்தான். போனவர் அப்பா. செயல் அவருடையது. அதோடு, ராத்திரி அவர் வீட்டில்தான் இருப்பார் என்பதும் பெயரிலேயே இருக்கிறது. “சாயந்தரம் வந்துடுவாங்க” என்று மகள் தனியாக விளக்க வேண்டியதில்லை.

ஆகவே முதல் வேலை இதுதான். உங்கள் மனத்தில் இருக்கிற ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் எந்த வினை தானாக வந்து ஒட்டுகிறது என்று பாருங்கள். பகல் மையம் என்றால் “போறாங்க, போயிட்டு வர்றாங்க” என்று வர வேண்டும். தங்கும் இடம் என்றால் “இருக்காங்க” என்று வர வேண்டும். “சேர்த்திருக்கோம், விட்டிருக்கோம், ஒப்படைச்சிருக்கோம்” என்று வந்தால் அந்தப் பெயரைத் தள்ளிவிடுங்கள், அது எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி.

யார், எங்கே, யாரிடம் சொல்வார்கள்

ஒரு தாளில் இந்தப் பெயரைச் சொல்லப்போகிறவர்களை எழுதுங்கள். பந்தியில் உட்கார்ந்திருக்கும் மகன். வெளிநாட்டில் இருந்துகொண்டு சித்தப்பாவின் கேள்விக்குத் தொலைபேசியில் பதில் சொல்லும் மகள். “தாத்தா எங்கே போயிருக்கார்” என்று பள்ளியில் தோழனிடம் சொல்லும் பேரன். பெரியவரை அழைத்துவரும் ஆட்டோக்காரர். அவசரத்தில் 108-ஐ அழைக்கும் பணியாளர். வங்கியிலும் ஆதார் மையத்திலும் முகவரி எழுதும் பெரியவர்.

இந்தப் பட்டியலில் எல்லாரும் மறப்பது அந்தப் பெரியவரைத்தான். குடும்பத்தினர் நிம்மதியடைய வேண்டும் என்று பெயர் தேடுகிறோம், சரி. ஆனால் குடும்பத்தின் நிம்மதி பெரும்பாலும் பெரியவர் பெயரை எப்படிச் சொல்கிறார் என்பதிலிருந்துதான் வருகிறது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் தன் பழைய நண்பரிடம், “நான் இப்ப கருணை இல்லத்துல இருக்கேன்” என்று சொல்ல வேண்டியிருந்தால் அவர் சொல்லவே மாட்டார். நண்பரை அழைப்பதையே நிறுத்திவிடுவார். அதை மகள் கவனிப்பாள். அப்புறம் நீங்கள் எத்தனை கனிவாகக் கவனித்துக்கொண்டாலும் அவள் மனசு ஆறாது.

தள்ளிவைக்க வேண்டியவை

நல்லெண்ணத்தில் வைக்கப்படும் பெயர்களில் நான்கு வகை குடும்பங்களைக் குத்துகின்றன.

முதல் வகை, காப்பாற்றுகிற பெயர்கள். கருணை, அடைக்கலம், புகலிடம், ஆதரவு, காப்பகம். இவை வரலாற்றில் அனாதை இல்லங்களோடும் வீதியில் கிடந்தவர்களை எடுத்து வளர்த்த இடங்களோடும் வந்த சொற்கள். உண்மையிலேயே ஆதரவற்றவர்களுக்கு இலவசமாக நடத்துகிற இடம் என்றால் இவற்றில் தவறில்லை. அங்கே பெயர் பேசுவது நன்கொடையாளரிடம், அவருக்கு இந்தச் சொற்கள் உடனே புரியும். ஆனால் மாதக் கட்டணம் கட்டி, வாராவாரம் வந்து பார்க்கிற மகளிடம் “அடைக்கலம்” என்று சொன்னால், “யாரிடமிருந்து அடைக்கலம்?” என்ற கேள்வி அவளைத்தான் சுட்டும். ஒரே வளாகத்தில் இலவசப் பிரிவும் கட்டணப் பிரிவும் நடத்துகிறவர்கள் இதைக் கட்டாயம் யோசிக்க வேண்டும். பிறந்தநாளுக்குச் சாப்பாடு போடுகிறவர்கள் வந்து வரிசையில் நிற்கும் பெரியவர்களோடு படம் எடுத்துக்கொள்கிற வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. தன் அம்மா அந்தப் படத்தில் இருப்பதைப் பார்க்கும் பிள்ளையின் நிலையை நினைத்துப் பாருங்கள். இரண்டு பிரிவுக்கும் இரண்டு பெயர் வைப்பதே நல்லது.

இரண்டாம் வகை, பிள்ளையின் இடத்தைப் பிடிக்கிற பெயர்கள். தாய்மடி, மகன் வீடு, பாச இல்லம், இன்னொரு பிள்ளை போன்றவை. கேட்க இனிமையாக இருக்கும். ஆனால் இவை சொல்லாமல் சொல்வது என்னவென்றால், பெற்ற பிள்ளை செய்யாததை நாங்கள் செய்கிறோம் என்பதைத்தான். பெயருக்குக் கீழே போடும் விளம்பர வாசகத்திலும் இதே பிழை வரும். “நீங்கள் இல்லாத குறை தெரியாமல் பார்த்துக்கொள்கிறோம்” என்ற வாசகத்தை ஆறுதல் என்று நினைத்து அச்சடிக்கிறார்கள். படிக்கிற மகனுக்கு அது குற்றப்பத்திரிகை.

மூன்றாம் வகைதான் புதிதாக வருகிறவர்கள் அதிகம் சறுக்குகிற இடம். சாவை நினைவூட்டும் பெயர்கள். வைகுந்தம், கைலாசம், மோட்சம், முக்தி ஆகியவற்றைப் பக்தியோடு வைக்கிறார்கள். ஆனால் தமிழில் ஒருவர் வைகுண்ட பதவி அடைந்தார், சிவலோக பதவி அடைந்தார் என்றால் என்ன பொருள் என்று சின்னக் குழந்தைக்கும் தெரியும். சாந்தி என்ற சொல் தனியாக நல்ல சொல்தான், முதியோர் இடத்துக்கு வைத்தால் “ஆத்மா சாந்தி” முன்னால் வந்து நிற்கும். இளைப்பாறுதல் இன்னும் நுட்பமானது. பிற வீடுகளில் அது வெறும் ஓய்வு. கத்தோலிக்கக் குடும்பத்தில் இறந்தவர்களுக்காகச் சொல்லும் செபத்தில் “நித்திய இளைப்பாற்றி” என்று வருகிறது. நீங்கள் எந்த மதத்தவராக இருந்தாலும், உங்கள் ஊரில் இருக்கும் மற்ற மதத்தவர் வீட்டுத் துக்கச் சொற்களை ஒருமுறை விசாரித்துவிடுங்கள். அந்தி, அஸ்தமனம் போன்றவையும் இந்த வகைதான். ‘பொன்மாலை’ போன்ற பெயர்களை நான் முழுதாக ஒதுக்கமாட்டேன். ஆனால் பெரியவர்களிடம் கேட்காமல் வைக்கமாட்டேன்.

நான்காம் வகை, நிறுவன வாடை அடிப்பவை. பராமரிப்பு நிலையம், மறுவாழ்வு மையம் போன்றவை. பராமரிப்பு என்றால் கட்டடமும் லிஃப்ட்டும் நினைவுக்கு வரும். மறுவாழ்வு மையம் என்றால் குடிநோயாளிகளுக்கான இடம் என்றே பலர் எடுத்துக்கொள்வார்கள். இந்தச் சொற்கள் விளக்க வரியில் வரலாம், பெயரில் வேண்டாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். பெயர் வைக்கும்போது சாதியும் உணவும் தெரியாமலே உள்ளே வந்துவிடும். அக்ரகாரம் என்று ஒரு சொல் வந்தால் யார் வரலாம், யார் வரக்கூடாது என்று ஊர் முடிவு செய்துவிடும். சைவச் சமையல் மட்டும்தான் என்றால் அதை விளக்கத்தில் நேராகச் சொல்லுங்கள். பெயரில் சூசகமாக வைத்தால் வர வேண்டிய பல குடும்பங்கள் கேட்காமலே திரும்பிப் போய்விடும்.

எங்கே தேடலாம்

நல்ல பெயர்கள் பெரும்பாலும் உணர்ச்சிச் சொற்களில் இருப்பதில்லை, இடத்தில் இருக்கின்றன. அன்பு, பாசம், கருணை என்று உணர்ச்சியைப் பெயரே அறிவித்துவிட்டால் கேட்பவருக்குச் சந்தேகம் வருகிறது. திண்ணை, முற்றம், தாழ்வாரம், கிணற்றடி என்று ஓர் இடத்தைச் சொன்னால் அங்கே பெரியவர் உட்கார்ந்திருப்பது கண்ணில் தெரிகிறது. அந்தக் காட்சிதான் நிம்மதி தருகிறது.

தமிழ்நாடு அரசு 2025-26 நிதிநிலை அறிக்கையில் முதியோருக்கான 25 பகல்நேர மையங்களை அறிவித்தபோது அவற்றுக்கு ‘அன்புச்சோலை’ என்று பெயர் வைத்தது. அதில் அன்பு இருந்தாலும் பெயரைத் தாங்குவது சோலை. சோலைக்குப் போய்வரலாம், சோலையில் யாரையும் அடைக்க முடியாது. முதியோர் என்ற சொல் பெயரில் இல்லை என்பதையும் கவனியுங்கள். இந்தப் பெயர் அரசுத் திட்டத்துக்குரியது, அதனால் நீங்கள் எடுக்கக்கூடாது. ஆனால் வார்ப்பைக் கற்றுக்கொள்ளலாம்.

இடப்பெயர் தேடும்போது உங்கள் வட்டாரத்தில் புழங்கும் சொல்லுக்கே போங்கள். தஞ்சைப் பக்கம் கூடம், ரேழி என்பார்கள். நெல்லையிலும் குமரியிலும் தார்சா என்றால்தான் புரியும். கட்டடத்தில் உண்மையிலேயே இருக்கிற ஒன்றாக இருந்தால் இன்னும் நல்லது. திண்ணை என்று பெயர் வைத்துவிட்டு ஐந்தாவது மாடியில் கண்ணாடிக் கதவோடு இருந்தால், முதல் நாள் வந்து பார்க்கும் மகளுக்கு மற்ற வாக்குறுதிகள் மேலும் சந்தேகம் வரும்.

இரண்டாவது வரி

பெயரில் முதியோர் வேண்டாம் என்று சொன்னதை மறைக்கச் சொன்னதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. பெயருக்குக் கீழே ஒரு வரியில் இது என்ன இடம் என்று ஒளிவுமறைவில்லாமல் இருக்க வேண்டும். உதாரணமாக, “முதியோருக்கான பகல்நேரக் கவனிப்பு, காலை 9 முதல் மாலை 5.30 வரை”. இதற்கு மூன்று காரணம் உண்டு.

தேவைப்படுகிறவர்கள் கூகுளில் தட்டுவது “முதியோர் இல்லம்” என்றும் “old age home near me” என்றும்தான். அந்தச் சொற்கள் விளக்கத்திலும் வகைப் பிரிவிலும் இல்லாவிட்டால் உங்களைக் கண்டுபிடிக்க மாட்டார்கள். கூகுள் வரைபடத்தில் பெயருக்கான கட்டத்தில் மட்டும் பலகையில் இருக்கும் பெயரை அப்படியே போடுங்கள். அதோடு தேடல் சொற்களை ஒட்டவைப்பது அவர்களுடைய விதிக்கு எதிரானது, பக்கம் முடக்கப்படலாம்.

இரண்டாவது காரணம் மறதிநோய் உள்ளவர்கள். “ஹோட்டலுக்குப் போறோம்” என்று பொய் சொல்லி அழைத்து வருகிற குடும்பங்கள் உண்டு. உங்கள் பெயர் ஹோட்டல் போலவோ ரிசார்ட் போலவோ இருந்தால் அந்தப் பொய்க்கு நீங்களே வழி செய்து கொடுக்கிறீர்கள். பெரியவருக்கு உண்மை தெரிகிற நாளில் கோபம் முழுக்கப் பிள்ளைகள் மேல் திரும்பும்.

மூன்றாவது காரணம்தான் முக்கியம். நிம்மதி திட்டவட்டமான தகவலில் இருக்கிறது. எத்தனை மணிக்குத் தொடங்கும், எப்போது முடியும், ராத்திரி தங்கலாமா, செவிலியர் இருக்கிறாரா என்பதுதான் மகள் தெரிந்துகொள்ள வேண்டியது. பெயர் அவளைக் கூசவைக்காமல் உள்ளே அழைத்து வரும். அவளை நம்பவைப்பது அந்த இரண்டாவது வரி.

அந்த வரியில் ஒரு எச்சரிக்கை. மருத்துவமனை, நர்சிங் ஹோம், சிகிச்சை போன்ற சொற்களை உரிய அனுமதி இல்லாமல் போடாதீர்கள். தமிழ்நாட்டில் மருத்துவ நிறுவனங்களுக்கு 1997-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தனிப் பதிவு உண்டு. மாதம் ஒருமுறை மருத்துவர் வந்து பார்க்கிற இடம் மருத்துவமனை ஆகிவிடாது.

ஒரு பெயரைத் தேடிப் பார்ப்போம்

ஒரு கற்பனை உதாரணம். பாளையங்கோட்டையில் ஓய்வுபெற்ற செவிலியர் ஒருவரும் அவருடைய தங்கையும், தங்கள் அம்மா இருந்த பழைய வீட்டில் பகல் மையம் தொடங்குகிறார்கள். பகலில் 15 பேர், தேவைப்பட்டால் ராத்திரி தங்க 6 கட்டில். வாசலில் பெரிய வேப்பமரம். வருகிறவர்கள் இந்து, கிறிஸ்தவ, இஸ்லாமியக் குடும்பங்களிலிருந்து கலந்து வருவார்கள். பல பிள்ளைகள் சென்னையிலும் வளைகுடாவிலும் இருக்கிறார்கள்.

சகோதரிகள் முதலில் எழுதியது ‘அன்னை மடி’. அம்மா நினைவாக வைக்க ஆசை. அந்த ஆசை நியாயமானது. ஆனால் அது அவர்கள் அம்மா. வரப்போகும் மற்ற பெண்களுக்கு அது பிள்ளையின் இடத்தைப் பிடிக்கிற பெயர். அம்மாவின் படத்தைக் கூடத்தில் மாட்டிக்கொள்ளலாம் என்று முடிவாகிறது. அடுத்து ‘நிழல்’. அழகான சொல். ஆனால் ஆங்கிலத்தில் Nizhal என்று எழுதினால் துபாயில் இருக்கும் பேத்தியின் தோழி அதை வேறு எப்படியோ படிப்பாள். தமிழிலும் “அப்பா நிழல்ல இருக்காங்க” என்றால் கேட்பவர் ஒரு கணம் திகைப்பார். மூன்றாவது ‘தார்சா’. ஊர்க்காரருக்கு இனிக்கும். ஆனால் பெரியவர் ஒருவரிடம் தொலைபேசியில் சொல்லிப் பார்க்கிறார்கள். “என்னது, தாராவா?” என்கிறார். வயதாகும்போது முதலில் கேட்காமல் போவது உயர்ந்த சுருதியில் உள்ள ஒலிகள். ஸ, ஷ, ஃப் போன்றவையும் சொல் நடுவில் வரும் சகரமும் கரைந்துவிடும். ம, ன, ல, வ, நெடில் உயிர்கள் நன்றாக நிற்கும்.

அப்புறம் தங்கை ‘வேம்படி’ என்கிறாள். சுருக்கம், காதில் விழுகிறது, வாசலில் மரமும் இருக்கிறது. பக்கத்து வீட்டுப் பெரியம்மாவிடம் சொன்னதும் அவர், “சாமி பேரால்லா இருக்கு” என்கிறார். நெல்லைப் பக்கம் வேம்படிச் சுடலை, வேம்படி இசக்கி என்று தெய்வங்கள் உண்டு. சுடலை என்றால் சுடுகாட்டையும் சேர்த்துத்தான் நினைப்பார்கள். இதை வெளியூர் வடிவமைப்பாளர் யாரும் சொல்லியிருக்க முடியாது.

அந்தப் பெரியம்மாவே பேச்சுவாக்கில், “எங்களுக்கு எப்பவும் இது வேப்பமரத்து வீடுதான்” என்கிறார். தெரு முழுக்க அப்படித்தான் சொல்கிறது. பெயர் அங்கேயே இருந்திருக்கிறது.

இப்போது வினையை ஒட்டிப் பார்க்கலாம். “அத்தை வேப்பமரத்து வீட்டுக்குப் போயிருக்காவ, சாயந்தரம் வந்துருவாவ.” தடையில்லாமல் வருகிறது. ராத்திரி தங்குகிறவருக்கு, “இந்த வாரம் வேப்பமரத்து வீட்டுல இருக்காவ.” உறவுக்காரர் வீட்டில் இருப்பதுபோலவே ஒலிக்கிறது. முகவரியில் எழுதினால் வேப்பமரத்து வீடு, தெருப்பெயர், பாளையங்கோட்டை 627002. வங்கி ஊழியர் நிமிர்ந்து பார்க்க மாட்டார். ஆட்டோக்காரருக்கு மரமே அடையாளம். பேரன் வாயிலும் நுழைகிறது.

குறைகளும் உண்டு. பெயர் நீளம். ஆங்கில எழுத்தில் இன்னும் நீளம்: Veppamarathu Veedu. ஆளுக்கொரு எழுத்தில் தட்டுவார்கள் என்பதால் ஒன்றை முடிவு செய்து பலகை, வரைபடம், ரசீது எல்லாவற்றிலும் அதையே வைக்க வேண்டும். இன்னொரு கேள்வி, நாளைக்கு இரண்டாவது கிளை தொடங்கினால் அங்கே வேப்பமரம் இருக்குமா? இருக்காது. சகோதரிகளுக்குக் கிளை தொடங்கும் எண்ணம் இல்லாததால் இது பிரச்சினை ஆகவில்லை. உங்களுக்கு இருந்தால் கட்டடத்தோடு ஒட்டாத பெயரைத்தான் தேட வேண்டும்.

சோதிக்கும் முறை

“பேர் எப்படி இருக்கு?” என்று கேட்டால் எல்லாரும் நல்லா இருக்கு என்பார்கள். அதில் ஒன்றும் தெரியாது. சொல்லவைத்துத்தான் பார்க்க வேண்டும். உங்களுக்குத் தெரிந்தவர்களில் பெற்றோரைக் கவனிக்கும் பொறுப்பில் இருக்கும் சிலரிடம், “உங்க பெரியப்பா ஃபோன் பண்ணி அம்மா எங்கேன்னு கேக்கிறார்னு வெச்சுக்குங்க, இந்தப் பேரை வெச்சுப் பதில் சொல்லுங்க” என்று கேளுங்கள். பெயருக்கு முன்னால் அவர்கள் நிறுத்துகிறார்களா, “அது வந்து... ஒரு மாதிரி...” என்று சுற்றிவளைக்கிறார்களா, எந்த வினையைப் போடுகிறார்கள் என்று கவனியுங்கள். பெயரைச் சொன்னதும் “ஆனா ஹோம் மாதிரி இல்லை” என்று அவர்களே சேர்த்துச் சொன்னால், அந்தப் பெயர் ஹோம் என்றுதான் ஒலிக்கிறது.

இதே பயிற்சியைப் பெரியவர்களிடமும் செய்யுங்கள். பிள்ளைகள் பக்கத்தில் இல்லாதபோது செய்யுங்கள், இருந்தால் அவர்களுக்குப் பிடித்ததையே சொல்வார்கள். மறுநாள் போய், “நேத்து சொன்ன பேர் என்ன?” என்று கேட்டுப் பாருங்கள். கொஞ்சம் மாற்றிச் சொன்னால், அந்த மாற்றிய வடிவம்தான் பல சமயம் சரியான பெயர்.

பதிவும் பலகையும்

அறக்கட்டளையாகப் பதிவு செய்கிறவர்கள் அறக்கட்டளையின் பெயரையே பலகையிலும் பெரிதாக எழுதிவிடுகிறார்கள். அதற்குக் கட்டாயமில்லை. பத்திரத்தில், ரசீதில், வருமான வரி 80G சான்றில் அறக்கட்டளையின் பெயர் இருக்கட்டும். பலகையில் இடத்தின் பெயர் பெரிதாக, கீழே சிறிதாக “இன்ன அறக்கட்டளை நடத்துவது” என்று போதும். பெரிய எழுத்தில் அறக்கட்டளை என்று பார்த்தாலே இது தர்மத்துக்கு நடக்கும் இடம் என்று ஊர் முடிவு செய்துவிடும்.

பெயரை இறுதி செய்யும் முன் ipindia.gov.in தளத்தில் வணிகக்குறித் தேடலைச் செய்யுங்கள். ஆங்கில எழுத்தில் பல விதமாகத் தட்டி, ஒலி ஒற்றுமைத் தேடலும் செய்ய வேண்டும். முதியோர் தங்கும் சேவை 43-ஆம் வகுப்பில் வரும், செவிலியர் கவனிப்பு 44-ஆம் வகுப்பில் வரும். விண்ணப்பம் TM-A படிவம். இணையவழியில் ஒரு வகுப்புக்குத் தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் 4,500 ரூபாய், மற்றவர்களுக்கு 9,000 ரூபாய். சேவையை அப்படியே விவரிக்கிற பெயர்களுக்குப் பாதுகாப்பு கிடைப்பது கடினம், ‘முதியோர் அன்பு இல்லம்’ போல. தேடலில் வராவிட்டாலும் உங்கள் மாவட்டத்தில் அதே பெயரில் வேறோர் இல்லம் இருக்கிறதா என்று நேரில் விசாரியுங்கள். அங்கே ஏதாவது நடந்து செய்தித்தாளில் பெயர் வந்தால் உங்களிடம் இருக்கிற குடும்பங்கள்தான் முதலில் பதறுவார்கள்.

அரசின் ஆதரவு இருப்பதுபோலத் தோன்றும் பெயர்களும், காந்தி போன்ற சில தலைவர்களின் பெயர்களும் 1950-ஆம் ஆண்டுச் சின்னங்கள், பெயர்கள் சட்டத்தின் கட்டுப்பாட்டில் வருகின்றன. மாவட்ட சமூகநல அலுவலகத்தில் இல்லத்தைப் பதிவு செய்யும்போது பலகையில் உள்ள பெயரும் விண்ணப்பத்தில் உள்ள பெயரும் பொருந்த வேண்டும். அதனால் பெயரை முடிவு செய்துவிட்டே அங்கே போங்கள். பலகையில் தமிழ் மேலே, பெரிதாக. ஆங்கிலம் கீழே, சிறிதாக. கடைகள், நிறுவனங்களுக்கான விதி இது, உங்களுக்கும் இதுவே நல்லது. கண்புரை உள்ள ஒருவர் சாலைக்கு எதிர்ப்புறம் நின்று படிக்க முடிகிறதா என்று பார்த்துவிட்டு எழுத்தளவை முடிவு செய்யுங்கள்.

வேன், தொலைபேசி, படிவம்

பகல் மையத்தின் வேன் காலையில் தெருவுக்குள் வரும். அதன் பக்கவாட்டில் “முதியோர் காப்பகம்” என்று எழுதியிருந்தால் எதிர்வீட்டு ஜன்னல் திறக்கும். வேனில் பெயரும் தொலைபேசி எண்ணும் மட்டும் இருக்கட்டும். விளக்க வரி பலகைக்கும் இணையத்துக்கும்தான்.

தொலைபேசியை எடுக்கும் பணியாளர், “வணக்கம், வேப்பமரத்து வீடு” என்று பெயரைச் சொல்லி எடுக்கப் பழகட்டும். வெறும் “ஹலோ, ஹோம்” என்று ஒருவர் எடுத்தால் போதும், வைத்த பெயர் வீணாகிவிடும். படிவங்களிலும் இதே கவனம் வேண்டும். சில இடங்களில் பெரியவர்களை “இன்மேட்” என்று எழுதும் பழக்கம் இன்னும் இருக்கிறது. சிறையில் இருப்பவருக்கும் அதே சொல்தான். அவரவர் பெயரை எழுதலாம், பொதுவாகச் சொல்ல வேண்டிய இடத்தில் “இங்கே இருப்பவர்”, “வந்துபோகிறவர்” போதும். “ஒப்படைப்பவர் கையொப்பம்” என்ற கட்டத்தை “தொடர்புகொள்ள வேண்டிய குடும்பத்தினர்” என்று மாற்றுங்கள். அந்தப் படிவத்தில் மகள் கையெழுத்துப் போடும்போது அவள் மனசு என்ன பாடுபடும் என்பதை எழுதுகிறவர் நினைத்துப் பார்த்தால் போதும், சரியான சொல் வந்துவிடும்.

ஏற்கெனவே நடக்கும் இடத்துக்கு

பெயர் மாற்ற விரும்புகிறவர்கள் அங்கே இருக்கிற பெரியவர்களிடம்தான் முதலில் சொல்ல வேண்டும், அதற்குப் பிறகு குடும்பங்களிடம், கடைசியில் ஊருக்கு. மறதிநோய் உள்ளவர்கள் இருந்தால் பலகையை ஒரே நாளில் மாற்றாதீர்கள். பழைய பலகை அவர்களுக்கு வழிகாட்டி, அது காணாமல் போனால் இடம் மாறிவிட்டது என்று பயந்துவிடுவார்கள். புதிய பெயரை மேலேயும் பழைய பெயரைக் கீழேயும் வைத்துச் சில மாதம் ஓட்டுங்கள். வாசலின் நிறத்தை மாற்ற வேண்டாம். வரைபடத்தில் பழைய பக்கத்திலேயே பெயரைத் திருத்துங்கள், புதிதாக ஒன்றைத் தொடங்கினால் பழைய கருத்துகள் போய்விடும், குடும்பங்கள் எதையோ மறைக்கிறார்கள் என்று நினைப்பார்கள்.

புகாருக்குப் பிறகு பெயரை மாற்றுவதாக இருந்தால் கொஞ்சம் பொறுங்கள். புகாரில் சொன்னதைச் சரிசெய்து, அதைக் குடும்பங்கள் வந்து பார்த்த பிறகு மாற்றுங்கள். கழிவறை நாற்றமும் எடுக்காத தொலைபேசியும் புதுப்பெயருக்குள் வந்தால், அந்தப் பெயர் ஆறு மாதத்தில் பழைய பெயரின் நிலைக்கு வந்துவிடும். அதன் பிறகு இன்னொரு பெயரைத் தேட வேண்டியிருக்கும், அப்போது ஊர் நம்பாது.